ஒரு சட்டையின் விலைச்சீட்டும் நாட்டின் மந்தமும்

ஒரு நாட்டில் மக்கள் செலவழிக்கும் மொத்தப் பணம் 4% குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மத்திய வங்கி வட்டியை ஏற்றியது, கடன் வாங்குவது குறைந்தது, கடைவீதியில் பணப்புழக்கம் இறங்கியது. அதே வேளையில் அரிசி, துணி, கூலி, வாடகை என்று எல்லாமே சரியாக 4% இறங்கிவிட்டால், பழைய கடன்களை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், யாருக்கும் நஷ்டமில்லை. குறைந்த பணத்தில் அதே சரக்கை வாங்கலாம். தறி முன்பு ஓடிய அளவே ஓடும்.

ஆனால் நடப்பது வேறு. விலைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. விற்பனை குறைகிறது, ஷிஃப்ட் குறைகிறது, ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய வங்கி பணவீக்கத்தை அடக்குவதற்காகப் பணத்தை இறுக்கியபோது, 1982 இறுதியில் அங்கே வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. விலைகள் உடனே வளைந்து கொடுத்திருந்தால் அத்தனை பேர் வேலை இழந்திருக்கத் தேவையில்லை. அப்படியானால் விலைகள் ஏன் வளைவதில்லை?

விலையை மாற்றுவதற்கே ஒரு செலவு இருக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் பதில்களில் ஒன்று. ஓட்டலில் விலை ஏறினால் மெனு கார்டைப் புதிதாக அச்சடிக்க வேண்டும் அல்லவா, அதை வைத்து இதற்கு ‘மெனு செலவு’ என்று பெயர் வந்தது. கேட்டதும் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். கார்டு அச்சடிக்க ஆகும் சில நூறு ரூபாயா லட்சக்கணக்கானவர்களின் வேலையைப் பறிக்கிறது? பொருளாதார அறிஞர்களும் நெடுநாள் அப்படித்தான் இதை ஒதுக்கிவைத்தார்கள். 1985-இல் கிரிகோரி மேன்கியூ ஒரு கட்டுரையிலும், ஜார்ஜ் அக்கர்லாஃபும் ஜேனட் யெல்லனும் சேர்ந்து இன்னொரு கட்டுரையிலும், இந்தச் சந்தேகத்துக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான பதிலைச் சொன்னார்கள். அந்தப் பதிலின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. அதற்குப் போகும் முன், அந்தச் செலவு உண்மையில் எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

அதை நேரில் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டேனியல் லெவி, மார்க் பெர்கன் உள்ளிட்ட 4 ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 5 பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனங்களில் விலை மாற்றும் வேலையைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். ஒரு கடையில் சுமார் 25,000 வகைப் பொருட்கள். அவற்றில் வாரத்துக்குச் சராசரியாக 4,000-க்குச் சற்றுக் குறைவான பொருட்களின் விலை மாறுகிறது. ஒவ்வொன்றுக்கும் புதுச் சீட்டு அச்சாகி வர வேண்டும். ஆள் ஒருவர் அலமாரி அலமாரியாகப் போய்ச் சரியான பொருளைத் தேடி, பழைய சீட்டை எடுத்துப் புதியதைச் செருக வேண்டும். பில் போடும் கணினியில் அதே விலை ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று ஆகிவிட்டால் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், சில சமயம் அபராதமும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கடைக்கு ஆண்டுக்கு 1,05,887 டாலர். அதில் 70% ஆள்கூலி. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தவறுகளால் வரும் இழப்பு. ஒரு விலையை ஒருமுறை மாற்ற 52 சென்ட் ஆகிறது.

இந்தத் தொகை விற்பனையில் 0.70% மட்டும்தான். ஆனால் சூப்பர்மார்க்கெட்டில் கைக்கு நிற்கும் லாபமே மிகக் குறைவு என்பதால், அந்த நிகர லாபத்தோடு ஒப்பிட்டால் இது 35 சதவீதத்துக்குச் சமம். அப்படியானால் கடைக்காரர் இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்கவே முடியாது.

செலவு கூடினால் விலை மாறுவது குறைகிறதா? அதற்கும் அந்த ஆய்விலேயே சான்று உண்டு. 5 நிறுவனங்களில் ஒன்று, ஒவ்வொரு பொருளின் மேலும் தனித்தனியாக விலைச்சீட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம் இருந்த மாநிலத்தில் நடந்தது. அலமாரியில் ஒரு சீட்டை மாற்றினால் போதாது, அதிலுள்ள அத்தனை டப்பாவிலும் மாற்ற வேண்டும். அங்கே ஒரு விலை மாற்றத்துக்கு 1.33 டாலர் ஆனது. மற்ற நிறுவனங்கள் வாரத்துக்கு 15.6% பொருட்களின் விலையை மாற்றியபோது, இது 6.3% பொருட்களை மட்டுமே மாற்றியது. அந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற சில நூறு பொருட்கள் அதே கடையிலேயே இருந்தன. அவற்றின் விலை மட்டும் அடிக்கடி மாறியது. கடையும் முதலாளியும் அதேதான், முக்கியமாக வேறுபட்டது சீட்டு மாற்றும் செலவு. இவ்வளவு தெளிவான ஒப்பீடு பொருளாதாரத்தில் அரிதாகவே கிடைக்கும்.

இப்போது பல கடைகளில் மின்னணு விலைப்பலகை வந்துவிட்டது, ஒரு சொடுக்கில் ஆயிரம் விலையை மாற்றலாமே என்று கேட்கலாம். சீட்டுக்கான செலவு அதனால் குறையும்தான். ஆனால் சீட்டு இந்தக் கதையின் சிறிய பகுதி. ஓர் அமெரிக்க இயந்திர உதிரிபாக உற்பத்தியாளரிடம் இதே குழுவினர் சிலர் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், விலைப்பட்டியலை அச்சிட்டு அனுப்பும் செலவைப் போல 6 மடங்குக்கு மேல், விலையைத் தீர்மானிக்கும் வேலைக்கே ஆகியிருந்தது. தகவல் திரட்டுவது, கூட்டம் போடுவது, எத்தனை ஏற்றலாம் என்று மேலாளர்கள் வாதாடுவது எல்லாம் அதில் சேர்த்தி. புது விலையை வாடிக்கையாளர்களிடம் எடுத்துச் சொல்லி, அவர்கள் முணுமுணுப்பைக் கேட்டு, பேரம் பேசி ஒப்புக்கொள்ள வைக்க ஆனது 20 மடங்குக்கு மேல். எல்லாம் சேர்த்து அந்த நிறுவனத்தின் வருவாயில் 1.22%. கணினி எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்த இரண்டு செலவும் அவ்வளவு எளிதில் போகாது. பழைய வாடிக்கையாளரிடம் ‘விலை ஏறிப்போச்சுங்க’ என்று சொல்லத் தயங்கும் எந்த வியாபாரிக்கும் இது தெரியும்.

ஆக, செலவு உண்டு. அது வருவாயில் 1% அளவில்தான் இருக்கிறது. இனி மேன்கியூவின் கணக்குக்கு வருவோம். நான் எண்களை எளிதாக்கிக் கற்பனையாக ஒரு வியாபாரத்தை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன்.

சொந்த பிராண்டில் சட்டை தைத்து விற்கும் ஒரு சிறு நிறுவனம். ஒரு சட்டைக்குத் துணி, தையல்கூலி எல்லாம் சேர்த்து 300 ரூபாய் அடக்கம். விலை 600 ரூபாய். ஒரு சீசனுக்கு 1,200 சட்டை விற்கிறது. விலையை 10 ரூபாய் ஏற்றினால் 40 சட்டை குறைவாகப் போகும், 10 ரூபாய் இறக்கினால் 40 கூடுதலாகப் போகும். 600-இல் லாபம் 3,60,000 ரூபாய். இந்த நிறுவனத்துக்கு அதைவிட நல்ல விலை கிடையாது. வேறு எந்த விலையை வைத்துப் பெருக்கிப் பார்த்தாலும் லாபம் இதைவிடக் குறைவாகவே வரும்.

எவ்வளவு குறைவு என்பதுதான் முக்கியம். விலையை 610 என்று தவறாக வைத்துவிட்டார் என்றால், 1,160 சட்டையில் தலா 310 ரூபாய், மொத்தம் 3,59,600. இழப்பு வெறும் 400 ரூபாய். 20 ரூபாய் தவறினால் இழப்பு 1,600. 40 ரூபாய் தவறினால் 6,400. தவறு இரட்டிப்பானால் இழப்பு நான்கு மடங்காகிறது. திருப்பிச் சொன்னால், தவறு சிறிதாக இருக்கும்போது இழப்பு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. ஒரு குன்றின் உச்சியில் நிற்பவர் இரண்டடி தள்ளி நின்றாலும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருப்பார், சரிவில் நிற்பவருக்குத்தான் இரண்டடி பெரிய வித்தியாசம். லாபத்தின் உச்சியில் நிற்பவருக்கும் அப்படித்தான்.

இப்போது நாட்டில் பணம் 4% சுருங்குகிறது. மற்ற விலைகளும் கூலிகளும் 4% இறங்கிவிட்டன என்று முதலில் வைத்துக்கொள்வோம். சட்டையின் அடக்கம் 288 ஆகிறது. மக்கள் கையிலும் 4% குறைவு. நியாயமாக இவர் விலையை 576-க்கு இறக்க வேண்டும். இறக்கினால் பழையபடி 1,200 சட்டை போகும், லாபம் 3,45,600. ரூபாயில் குறைந்தாலும் எல்லா விலையும் குறைந்திருப்பதால் பொருளில் அதே லாபம்தான்.

இறக்காமல் 600-லேயே வைத்தால்? மற்ற எல்லாம் மலிந்திருக்க இவர் சட்டை மட்டும் விலை கூடியதாகத் தெரியும். 1,100 சட்டைதான் போகும். சட்டைக்கு 312 ரூபாய் நிற்கும், மொத்த லாபம் 3,43,200. இழப்பு 2,400 ரூபாய். புது விலைச்சீட்டு, பட்டியல், கடைகளுக்குத் தகவல், பழைய சரக்கை எடுத்துச் சீட்டு மாற்றுவது எல்லாவற்றுக்கும் 3,000 ரூபாய் ஆகும் என்றால், மாற்றாமல் இருப்பதே அவருக்குப் புத்திசாலித்தனம். அவர் சோம்பேறியும் இல்லை, கணக்குத் தெரியாதவரும் இல்லை. அந்த 3,000 அவர் வருவாயில் அரை சதவீதம்கூட இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் அளந்த 0.70 சதவீதத்தைவிடக் குறைவு.

ஆனால் உற்பத்தி 1,200-இலிருந்து 1,100-க்கு வந்துவிட்டது. 8% சரிவு. அந்த 100 சட்டைக்கான தையல் வேலை இல்லாமல் போனது. இதில் சமூகத்துக்கு எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். அந்த 100 சட்டையை 576-இலிருந்து 600 ரூபாய் வரை கொடுத்து வாங்க ஆட்கள் தயாராக இருந்தார்கள், சராசரியாக 588. செய்ய ஆகும் செலவு 288. ஆக, தைக்கப்படாமல் போன ஒவ்வொரு சட்டைக்கும் 300 ரூபாய் மதிப்பு காற்றில் போனது. மொத்தம் 30,000 ரூபாய். முதலாளியின் இழப்பு 2,400, சமூகத்தின் இழப்பு அதைப் போலப் பன்னிரண்டரை மடங்கு. 3,000 ரூபாய்ச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் 30,000 ரூபாய் போய்விட்டது.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? முதலாளியின் பேரேட்டைத் திறந்தால் தெரியும். 100 சட்டை விற்காமல் போனதில் அவருக்குத் தலா 288 வீதம் 28,800 ரூபாய் லாபம் போச்சு. ஆனால் மீதி 1,100 சட்டையை 24 ரூபாய் அதிகம் வைத்து விற்றதில் 26,400 வந்தது. இரண்டும் ஏறக்குறைய சரிக்கட்டிக்கொள்வதால்தான் அவருக்கு வெறும் 2,400 இழப்பு. ஆனால் அந்த 26,400 புதிதாக உருவான செல்வம் அல்ல, வாங்குபவர் பையிலிருந்து அவர் பைக்கு வந்த பணம். சமூகக் கணக்கில் அது வரவே இல்லை. அங்கே நிற்பது தைக்கப்படாத 100 சட்டை மட்டும்தான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விலை அடக்கத்தைவிடக் கணிசமாக மேலே இருக்க வேண்டும். விலையை வைப்பது விற்பவர் கையில் இருக்க வேண்டும். கோயம்பேட்டில் வெங்காயம் விற்பவருக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே விலையை வரத்து தீர்மானிக்கிறது, பொழுது விடிந்தால் புது விலை. தங்கமும் அப்படியே. பிராண்டுச் சட்டை, சோப்பு, ஓட்டல் சாப்பாடு, முடிவெட்டும் கூலி, பள்ளிக் கட்டணம் போன்றவைதான் இங்கே பேசப்படுபவை. இவற்றில்தான் விலைகள் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன.

மேலே போட்ட கணக்கில் ஒரு சலுகை எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் எல்லாரும் விலையை இறக்கிவிட்டார்கள், இவர் மட்டும் இறக்கவில்லை என்று வைத்தேன். நிஜத்தில் மற்றவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். துணி வியாபாரி இறக்கவில்லை, தையல்கூலி இறங்கவில்லை. சட்டையின் அடக்கம் 300-லேயே நிற்கிறது. கடைக்கு வரும் ஆட்கள் மட்டும் 4% குறைந்துவிட்டார்கள். இப்போது இவருக்கு எது நல்ல விலை? அதே 600 தான். 1,152 சட்டை போகும், அடக்கம் குறையாதபோது விலையை இறக்குவதில் அவருக்கு ஆதாயமே கிடையாது. மெனு செலவு பூஜ்யமாக இருந்தால்கூட இறக்க மாட்டார்.

லாரன்ஸ் பாலும் டேவிட் ரோமரும் 1990-இல் எழுதிக் காட்டியது இதைத்தான். மெனு செலவை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு பெரிய மந்தத்தை விளக்க முடியாது என்று அவர்கள் நேர்மையாகவே சொன்னார்கள். மந்தத்தில் கூலி சட்டென்று சரிந்தால் அடக்கம் விழும், விலையை இறக்கும் ஆசை பெருகும், சிறு செலவு அதைத் தடுக்காது. ஆனால் கூலி எளிதில் இறங்காது. ஒருவரின் விலை இன்னொருவரின் அடக்கம். தன் போட்டியாளரைவிட விலகி நிற்க யாரும் விரும்புவதில்லை. இந்தப் பிணைப்புகளோடு சேரும்போதுதான் சிறு செலவுக்குப் பெரிய பலம் வருகிறது. மெனு செலவு எல்லாரையும் முதல் நாள் அசையாமல் வைக்கிறது. ஒருவர் அசையாததே அடுத்தவர் அசையாமலிருக்கக் காரணமாகிறது. எல்லாரும் ஒரே நாளில் 4% இறக்கினால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் யாருக்கும் முதலில் இறக்க வேண்டிய காரணம் இல்லை. எனக்கு இந்தக் கோட்பாட்டில் மிக முக்கியமான இடம் இதுதான் என்று தோன்றுகிறது. மந்தம் என்பது யாரோ ஒருவரின் முட்டாள்தனத்தாலோ பேராசையாலோ மட்டும் வருவதில்லை, தனித்தனியாகச் சரியான முடிவுகள் சேர்ந்தே அதை உண்டாக்க முடியும்.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. 2007-இல் மிக்கைல் கோலோசோவும் ராபர்ட் லூகாஸும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஒரு மாதத்தில் சில விலைகள் மாறுகின்றன, பல மாறுவதில்லை. மாறுபவை எவை? குலுக்கல் சீட்டு போட்டு அல்ல, தன் சரியான விலையிலிருந்து மிகவும் விலகிப் போனவைதான் மாறும், ஏனெனில் அவற்றுக்குத்தான் செலவைத் தாண்டிய ஆதாயம் உண்டு. எனவே மாறும் விலைகள் கொஞ்சமே ஆனாலும் ஒவ்வொன்றும் பெரிய அளவில் மாறும். மொத்த விலைமட்டம் விரைவாக நகர்ந்துவிடும். அவர்களது கணித மாதிரியில் பணச் சுருக்கத்தால் உற்பத்திக்கு வரும் பாதிப்பு சிறிதாகவும் சில மாதங்களில் தீர்ந்துபோவதாகவும் இருந்தது. விலைகள் எத்தனை மாதம் அசையவில்லை என்று எண்ணுவது மட்டும் போதாது, அசைந்தவை எவை என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் பாடம், அது சரியான பாடமும்கூட.

ஆனால் கடைகளின் விலைப்பதிவுகளைப் பார்த்தால் பெரிய மாற்றங்களோடு ஏராளமான சின்னச் சின்ன மாற்றங்களும் தெரிகின்றன. ஒன்றிரண்டு சதவீதம் ஏறிய பொருட்கள். மிக விலகிப் போனவை மட்டும்தான் மாறும் என்றால் இவை எப்படி வந்தன? விர்ஜிலியு மிட்ரிகன் 2011-இல் இதற்குச் சொன்ன விளக்கம் கடைக்காரர் யாருக்கும் புரியும். ஏணியைப் போட்டு ஒரு அலமாரியில் ஏறியாகிவிட்டது, ஒரு சீட்டை மாற்றும்போது பக்கத்திலுள்ள நாலையும் சேர்த்து மாற்றிவிடலாமே? அந்த நாலுக்கும் தனிச் செலவு இல்லை. எனவே மாறுபவை எல்லாம் அவசரமாக மாற வேண்டியவை அல்ல. கோலோசோவும் லூகாஸும் சொன்ன வேகம் இதனால் தணிந்து, உற்பத்தியின் மீதான பாதிப்பு மறுபடியும் பெரிதாகிறது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அதிர்ச்சி பெரிதானால் என்ன ஆகும் என்பதில் அவ்வளவு விவாதம் இல்லை. சட்டைக் கணக்கில் 4 சதவீதத்துக்குப் பதில் 12% அதிர்ச்சி வந்தால், விலகல் 3 மடங்கு, இழப்பு 9 மடங்குக்கு மேல். 3,000 ரூபாய்ச் செலவு அதற்கு முன் நிற்காது, மறுநாளே விலை மாறும். இதைச் சோதிக்க ஹங்கேரி ஒரு நல்ல இடமாக அமைந்தது. 2006 ஜனவரியில் அந்த அரசு மதிப்புக் கூட்டு வரியின் மேல்விகிதத்தை 25-இலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நடுவிகிதத்தை 15-இலிருந்து 20 ஆக ஏற்றியது. சாதாரண மாதங்களில் அசையாத விலைகள் இரண்டு முறையும் கூட்டம் கூட்டமாக மாறின என்று பீட்டர் கராடியும் ஆடம் ரைஃபும் பொருள்வாரியாகப் பதிவு செய்தார்கள். இதே காரணத்தால் பணவீக்கம் தலைகால் தெரியாமல் ஓடும் நாடுகளில் மெனு செலவு பெரிய தடையே அல்ல. அங்கே வாரம் ஒருமுறை பலகையை அழித்து எழுதுவார்கள்.

நம் ஊரில் இந்தச் செலவு கண்ணெதிரே தெரிந்த தருணம் 2025 செப்டம்பர் 22. பிஸ்கட், பற்பசை, சோப்பு போன்றவற்றின் ஜிஎஸ்டி அன்று 18-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பாக்கெட் மீது அதிகபட்ச சில்லறை விலை அச்சடித்தே விற்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கிடங்கிலும் கடையிலும் கிடந்த சரக்கிலெல்லாம் பழைய விலை. புது விலையை ஸ்டிக்கராகவோ முத்திரையாகவோ ஒட்ட மத்திய அரசு தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளில் சில நிறுவனங்கள் விலையைத் தொடவே விரும்பவில்லை, அதே காசுக்கு எடையைக் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். சில்லறைக்குச் சரியாக வரும் விலையை இழப்பது அவர்களுக்குச் சீட்டுச் செலவைவிடப் பெரிய இழப்பு. இத்தகைய பொருட்களில் விலை நிற்பதை வைத்து ஒன்றும் மாறவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. கிராமுக்கு என்ன விலை என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். விலைக் குறியீடு தயாரிக்கும் புள்ளிவிவரத் துறைகள் எடையையும் குறித்துக்கொள்வது இதனால்தான்.

ஹங்கேரியில் இன்னொன்றும் தெரிந்தது. வரி ஏறியபோது ஏறக்குறைய முழு ஏற்றமும் உடனே விலையில் வந்தது. வரி இறங்கியபோது இறக்கத்தின் ஒரு பகுதி மட்டுமே வந்தது. வியாபாரிகளின் பேராசை என்று இதை உடனே சொல்லிவிடலாம், அதுவும் ஓரளவு இருக்கலாம். ஆனால் மெனு செலவுக் கணக்கே இந்த ஒருபக்கச் சாய்வைத் தருகிறது. நாட்டில் பொதுவாக ஆண்டுக்கு 5% விலைவாசி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் சட்டை முதலாளி 600-இலிருந்து 576-க்கு இறங்க வேண்டியிருக்கிறது. அவர் ஒன்றுமே செய்யாமல் பத்து மாதம் காத்திருந்தால் போதும், சுற்றியுள்ள விலைகள் ஏறி 600 மறுபடியும் சரியான விலையாகிவிடும். செலவழித்து இப்போது இறக்கி, அப்புறம் மறுபடியும் செலவழித்து ஏற்றுவானேன்? ஏற்ற வேண்டியவருக்கு அந்த வசதி இல்லை. காத்திருந்தால் விலகல் கூடிக்கொண்டே போகும், எனவே அவர் உடனே ஏற்றுகிறார்.

லாரன்ஸ் பாலும் மேன்கியூவும் 1994-இல் இதை முழுக் கணித மாதிரியாக எழுதினார்கள். பணம் தாராளமாகும்போது விலை உடனே ஏறிவிடுவதால் உற்பத்திக்குக் கிடைக்கும் ஊக்கம் சிறியது. பணம் இறுகும்போது விலை இறங்காமல் காத்திருப்பதால் அடி முழுக்க உற்பத்தியின் மேல் விழுகிறது. வட்டி ஏறிய காலத்தில் கடையில் விலை இறங்கியதாக யாருக்கும் நினைவிருக்காது. ஓவர்டைம் நின்றதும், வாரத்தில் ஒரு நாள் வேலை குறைந்ததும் நினைவிருக்கும்.